ஐந்து நிமிடத்தில் கதை சொல்வது எப்படி? தயாரிப்பாளரிடம் கிளைமேக்ஸை மறைத்தால் என்ன ஆகும்?

கோடம்பாக்கத்தில் அடிக்கடி நடக்கிற ஒரு காட்சி. வளசரவாக்கத்திலோ சாலிகிராமத்திலோ ஒரு தயாரிப்பு அலுவலகம். மூன்று மாதமாக ஃபோன் பண்ணி, மேனேஜரைப் பிடித்து, ஒருவழியாக ஓர் உதவி இயக்குநர் உள்ளே வந்துவிட்டார். தயாரிப்பாளர் வாட்ச்சைப் பார்க்கிறார். "தம்பி, ஏர்போர்ட் கிளம்பணும். அஞ்சு நிமிஷத்துல ஒன்லைன் மட்டும் சொல்லுங்க."

உதவி இயக்குநர் கண்ணை மூடித் திறக்கிறார். "சார், ஓப்பன் பண்ணா ட்ரோன் ஷாட். கீழ ஒரு சின்ன டவுன். காலை ஆறு மணி. டீக்கடையில பழைய பாட்டு. அப்படியே கேமரா கீழ இறங்குது..."

கேமரா கீழே இறங்கி முடிக்கவே ஒன்றரை நிமிடம். ஹீரோ வீட்டை விட்டு வெளியே வர இன்னொரு நிமிடம். நாலாவது நிமிடத்தில் பிரச்சினை ஆரம்பிக்கிறது. ஐந்தாவது நிமிடத்தில் அந்த வசனம் வருகிறது: "இங்கதான் சார் ஒரு ட்விஸ்ட். கிளைமேக்ஸை மட்டும் ஃபுல் நரேஷன்ல சொல்றேன் சார், அப்பதான் அந்த ஃபீல் கிடைக்கும்."

தயாரிப்பாளர் சிரித்துக்கொண்டே எழுந்திருக்கிறார். "நல்லாருக்கு தம்பி. பண்ணுவோம். ஃபோன் பண்றேன்." அந்த ஃபோன் வராது என்பது இருவருக்குமே தெரியும்.

கதை மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் கதையையே சொல்லவில்லை, அதுதான் நடந்தது. தமிழ் சினிமாவில் முழு நரேஷன் இரண்டு, இரண்டரை மணி நேரம் ஓடும். அதில் ட்ரோன் ஷாட்டுக்கும் டீக்கடைப் பாட்டுக்கும் இடம் உண்டு. ஐந்து நிமிடம் என்பது அதன் சுருக்கம் கிடையாது, அது வேறு வேலை. அந்த இரண்டரை மணி நேரத்தை இந்த ஆளுக்காக ஒதுக்கலாமா என்று ஒருவர் முடிவெடுக்கத் தேவையானதை மட்டும் கொடுக்கிற வேலை. அதற்கு இரண்டு விஷயம் கட்டாயம் வேண்டும். ஒன்று, இந்த ஆள் யார்? இன்னொன்று, கடைசியில் அவர் என்ன செய்கிறார்?

கேட்பவர் ரசிகர் இல்லை

கிளைமேக்ஸை மறைப்பவர்கள் செய்கிற அடிப்படைத் தவறு, எதிரில் உட்கார்ந்திருப்பவரைத் தியேட்டர் ரசிகராக நினைப்பதுதான். ரசிகர் டிக்கெட் எடுத்துவிட்டு ஆச்சரியப்பட வருகிறார். தயாரிப்பாளர் பணம் போடப் போகிறவர். வீடு கட்டித் தருகிறேன் என்று வரும் கொத்தனார், "மாடியை மட்டும் கிரகப்பிரவேசத்தன்னைக்குக் காட்டுறேன்" என்று சொன்னால் யார் அட்வான்ஸ் கொடுப்பார்கள்?

முடிவு தெரியாமல் ஒரு கதையின் வகையைக்கூடச் சொல்ல முடியாது. 'த்ரிஷ்யம்' படத்தை எடுத்துக்கொள்வோம். 2013-ல் ஜீத்து ஜோசப் மலையாளத்தில் எடுத்தது, 2015-ல் 'பாபநாசம்' என்று தமிழுக்கு வந்தது. (பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனிமேல் ஸ்பாய்லர் என்று யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.) முடிவை மறைத்து அதைச் சொல்லிப் பாருங்கள்: "ஒரு குடும்பம் தெரியாம ஒரு கொலை பண்ணிடுது சார். போலீஸ்கிட்ட இருந்து தப்பிக்கப் பார்க்குது." இந்த மாதிரி ஒன்லைன் ஒரு தயாரிப்பாளர் காதில் மாதத்துக்கு நாலு விழும்.

இப்போது ஆளையும் முடிவையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். நாலாவதுகூடத் தாண்டாத ஒரு கேபிள் டிவிக்காரர். ராத்திரி பகலாகப் படம் பார்ப்பதுதான் அவருக்குப் பள்ளிக்கூடம். குடும்பம் ஒரு கொலையில் மாட்டிக்கொண்டதும், படங்களில் பார்த்ததை வைத்தே ஒரு பொய்யான நாளைக் கட்டி, ஊரையே அதற்குச் சாட்சியாக்குகிறார். போலீஸ் ஊரெல்லாம் தேடுகிற பிணம், கடைசியில் புதிதாகக் கட்டிய போலீஸ் ஸ்டேஷனுக்குக் கீழேயே கிடக்கிறது. இவ்வளவுதான். அரை நிமிடம் ஆகவில்லை, ஆனால் படம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த முடிவை அந்த ஆள் மட்டும்தான் செய்திருக்க முடியும் என்பதும் தெரிகிறது. படம் பார்க்காத, நன்றாகப் படித்த ஒரு வக்கீலை அந்த இடத்தில் வைத்தால் கதை நிற்காது.

ஆகவே கேரக்டரும் முடிவும் தனித்தனியாகத் தயார் செய்கிற இரண்டு விஷயங்கள் இல்லை. முதல் நிமிடத்தில் ஆளைப் பற்றிச் சொல்கிற ஒரு குணம், கடைசி நிமிடத்தில் பதிலாகத் திரும்பி வர வேண்டும். தயாரிக்கும்போது பின்னாலிருந்து வருவதுதான் சுலபம். முதலில் முடிவை ஒரு வரியில் எழுதுங்கள். அந்த முடிவைச் செய்ய எவனுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும் என்று கேளுங்கள். அவன்தான் உங்கள் முதல் வரி.

அதே கதை, இரண்டாவது முறை

மேலே சொன்ன உதவி இயக்குநரின் கதை இப்படி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகை மதிப்பீட்டாளராக வேலை பார்க்கும் ஒருவரின் கதை. தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்களில் 5 சவரன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி செய்யப்பட்டபோது அடகு நகைகளை மறுபடி சரிபார்த்தார்கள், போலி நகைகளும் வெளியே வந்தன. அந்தப் பின்னணியில் நடக்கிற கற்பனை. ட்ரோனை விட்டுவிட்டு அவர் சொன்னால் இப்படி இருக்கும்:

"சார், கதிரேசன்னு ஒருத்தர், 48 வயசு. துறையூர் பக்கம் ஒரு கூட்டுறவு சங்கத்துல அடகுக்கு வர்ற நகையை உரசிப் பார்த்து, தங்கமா இல்லையான்னு சொல்றவர். இருபது வருஷத்துல ஒரு நகைகூடத் தப்பா சொன்னதில்ல. மனுஷங்களை நம்ப மாட்டார், உரைகல்லை மட்டும்தான் நம்புவார். படத்தோட ஆரம்பத்துல ஒரு விவசாயி பொண்டாட்டி செயினைக் கொண்டு வர்றார். இவர் உரசிப் பார்த்துட்டு, வரிசையில இருக்கிற அத்தனை பேர் காதுலயும் விழுற மாதிரி 'இது கவரிங்'னு சொல்றார். அந்த மனுஷன் கூனிக் குறுகி வெளிய போறார். இவருக்கு அது ஒரு விஷயமே இல்ல.

அப்ப கவர்மென்ட் நகைக்கடனைத் தள்ளுபடி பண்ணுது. ஆனா எல்லா நகையையும் வெளியூர் மதிப்பீட்டாளர் வந்து திரும்ப உரசுவார், பத்து நாள் டைம். கதிரேசன் தன்னோட பாக்கெட்டுகளை ஒரு தடவை சரிபார்க்கறார். அதுல அவங்க அம்மாவோட நாலு சவரன் செயின் இருக்கு. பொண்ணு காலேஜ் ஃபீஸுக்காக இவரேதான் கேட்டு வாங்கி அம்மா பேர்ல வெச்சது. இருபது வருஷத்துல அவர் உரசாம கையெழுத்துப் போட்ட ஒரே நகை அதுதான். சின்ன வயசுல இருந்து அம்மா கழுத்துல பார்த்த செயின், எதுக்கு உரசணும்? இப்ப உரசறார். ஆசிட் ஒரு சொட்டு விடறார். கல்லுல இருந்த கோடு அழிஞ்சு போகுது. இன்டர்வல் சார்.

மறைக்கறதுக்கு வழி இருக்கு. சங்கத்துச் செயலாளர் ஏற்கெனவே மூணு பாக்கெட்டுல நகையை மாத்தியிருக்கார். 'உங்க அம்மா செயினையும் சேர்த்துச் சமாளிச்சிடலாம், நீங்க என் மூணைப் பார்க்காதீங்க'ங்கறார். கதிரேசன் ஒத்துக்கறார். அம்மாகிட்ட மட்டும் கேட்கறார், 'தங்கம் எங்கம்மா?' அம்மா சொல்லுது, 'உனக்கு இந்த வேலை கிடைச்சப்ப டெபாசிட் கட்டச் சொன்னாங்களேடா, அதுக்குத்தான் வித்தேன்.'

ஆய்வு நாள். அதே கவுன்ட்டர், அதே வரிசை, அந்த விவசாயியும் நிக்கறார். அம்மா பேரைக் கூப்பிடறாங்க. கதிரேசன் வெளியூர்க்காரர்கிட்ட இருந்து கல்லை வாங்கித் தானே உரசறார். முதல் சீன்ல சொன்ன அதே குரல்ல சொல்றார், 'இது கவரிங். கையெழுத்துப் போட்டது நான். இன்னும் மூணு பாக்கெட் இருக்கு, அதையும் எடுங்க.' வேலை போகுது. தன்னோட பட்டறையை வித்துக் கடனைக் கட்டி, அந்தக் கவரிங் செயினை மீட்டு, வீட்டுக்கு வந்து அம்மா கழுத்துல போட்டு விடறார். 'இது எதுக்குடா எனக்கு'ன்னு அம்மா கேட்குது. அவர் பதில் சொல்லாம கொக்கியை மாட்டறார். படம் முடியுது சார்."

நிதானமாகச் சொன்னால் இது மூன்றரை நிமிடத்துக்குப் பக்கத்தில் வரும். மிச்சம் கேள்விகளுக்கு. ஐந்து நிமிடமும் தானே பேசுகிறவர் தயாரிப்பாளருக்கு வாய் திறக்க இடம் கொடுப்பதில்லை, வாய் திறக்காதவர் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

இதில் என்ன இல்லை என்று கவனியுங்கள். கேமரா இல்லை, பாட்டு இல்லை, கதிரேசனின் நண்பர் இல்லை, மகளின் காதல் இல்லை. இவையெல்லாம் படத்தில் இருக்கலாம். பெயரோடு வருவது ஒரே ஆள்தான். கேட்பவரால் ஐந்து நிமிடத்தில் நாலு பெயரை நினைவில் வைக்க முடியாது. அதனால்தான் மற்றவர்கள் அம்மா, செயலாளர், விவசாயி என்று உறவாகவும் வேலையாகவும் வருகிறார்கள். அதே சமயம் ஓர் இடத்தில் மட்டும் கதை நின்று நிதானமாக விவரம் சொல்கிறது: உரைகல், ஆசிட், அழிகிற கோடு. ஒரு துல்லியமான விவரம் போதும், இந்த ஆள் நிஜமாகவே நாலு மதிப்பீட்டாளர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்ற நம்பிக்கை கேட்பவருக்கு வந்துவிடும். எல்லா இடத்திலும் விவரம் சொன்னால் அந்த நம்பிக்கையே கொட்டாவியாக மாறும்.

'கதிரேசன் ரொம்ப நேர்மையானவர் சார்' என்ற வாக்கியமும் அதில் இல்லை. குணத்தைப் பெயரடையாகச் சொன்னால் காதில் நிற்காது. வரிசை முன்னால் ஒரு விவசாயியை அவமானப்படுத்துகிறார் என்றால் நேர்மையும் தெரிகிறது, அதிலிருக்கும் கொடூரமும் தெரிகிறது. முடிவுக்கு அந்தக் கொடூரம்தான் தேவை. அதே வாக்கியம் அவர் மேலேயே திரும்பி விழ வேண்டும் அல்லவா?

அடுத்து வரும் கேள்விகள்

முதல் கேள்வி பெரும்பாலும் கதையைப் பற்றி இருக்காது. "48 வயசா? ஹீரோ யார் தம்பி?" என்பதாகத்தான் இருக்கும். இங்கே பெரிய ஸ்டார் பெயரைத் தூக்கிப் போடுவது பலருக்குப் பழக்கம். அந்த ஸ்டாரின் கால்ஷீட் தன்னிடம் இல்லை என்பது தயாரிப்பாளருக்குத் தெரியும், சொல்பவரிடமும் இல்லை என்பதும் தெரியும். அந்த வயதில் நடிக்கக்கூடிய, அந்தத் தயாரிப்பாளர் உண்மையிலேயே அணுகக்கூடிய இரண்டு மூன்று நடிகர்களை யோசித்து வைத்திருப்பது நல்லது. அவர் ஹீரோவை முப்பது வயசுக்கு மாற்றச் சொன்னால் முடிவு தாங்குமா என்பதையும் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். இந்தக் கதையில் தாங்காது. இருபது வருடப் பெயர் இருந்தால்தான் அது உடைவதில் வலி இருக்கும். "இல்ல சார், அது வேற படம் ஆயிடும்" என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்தால், எழுதியவருக்குத் தன் கதை புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது கேள்வி செலவு. ஒரு சங்க அலுவலகம், ஒரு வீடு, ஒரு பட்டறை, ஒரே ஊர் என்று சொன்னாலே போதும், தயாரிப்பாளர் மனதுக்குள் ஷூட்டிங் நாட்களை எண்ணிவிடுவார். இது சின்ன விஷயமில்லை. கார்த்திக் சுப்புராஜ் முதலில் எடுக்க நினைத்தது 'ஜிகர்தண்டா'. புது இயக்குநரை நம்பி அந்தச் செலவுக்கு ஆள் கிடைக்காததால், சின்ன பட்ஜெட்டில் முடிகிற 'பீட்சா'வை எழுதி 2012-ல் முதல் படமாக்கினார். 'ஜிகர்தண்டா' 2014-ல்தான் வந்தது. கதை அதேதான், ஆள் அதேதான். கேட்பவர் தாங்கக்கூடிய தொகை மட்டும் நடுவில் மாறியிருந்தது.

கேள்விகளை வைத்தே கதை போய்ச் சேர்ந்ததா என்று கண்டுபிடிக்கலாம். "அந்தச் செயலாளர் என்ன ஆனார்?" என்று கேட்டால் அவர் கதைக்குள் இருக்கிறார். "இது எந்த மாதிரி படம் தம்பி, ஃபேமிலியா, த்ரில்லரா?" என்று கேட்டால் முடிவு பதியவில்லை. ஒன்றுமே கேட்காமல் "சூப்பர்" என்று சொன்னால், மன்னிக்கவும், அது வழியனுப்புகிற வார்த்தை.

இதை அலுவலகத்துக்குப் போகும் முன்பே சோதித்துவிட முடியும். சினிமாவில் இல்லாத ஒருவரிடம் கதையைச் சொல்லுங்கள். ரூம்மேட்டின் அக்கா, மெஸ் நடத்துகிறவர், யாராக இருந்தாலும் சரி. மறுநாள் அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் எதை விட்டுவிட்டாரோ அது பிட்ச்சில் தேவையில்லை. எதைத் தப்பாகச் சொல்கிறாரோ அங்கே உங்கள் வாக்கியம் குழப்பம். முடிவை அவரால் சொல்ல முடியவில்லை என்றால் பிரச்சினை பெரிது. ஏனென்றால் தயாரிப்பாளரும் இதைத்தான் செய்யப் போகிறார். காரில் போகும்போது பைனான்ஸியரிடம், வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், மறுநாள் ஹீரோவின் மேனேஜரிடம். உங்கள் கதை உங்கள் வாயால் அல்ல, அவர் வாயால்தான் அடுத்த அறைக்குப் போகிறது.

எல்லாக் கதைக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சம்பவம் குறைவாக, வசனத்திலும் சூழலிலும் சிரிப்பு வருகிற கதைகள் ஐந்து நிமிடத்தில் உயிரில்லாமல் கேட்கும். அப்படிப்பட்டவர்களுக்குக் குறும்படம்தான் சரியான நரேஷன். கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியிலிருந்து நலன் குமரசாமி, பாலாஜி மோகன் போன்றவர்கள் வந்தது அந்த வழியில்தான்.

திருடிட்டா என்ன பண்றது?

கிளைமேக்ஸை மறைப்பதற்குப் பின்னால் ஒரு நியாயமான பயமும் இருக்கிறது. அஞ்சு நிமிடத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டால், நாளைக்கு அதே கதை வேறு பெயரில் வந்தால்?

பயம் நியாயம், ஆனால் மறைப்பது பாதுகாப்பு தருவதில்லை. 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் யோசனைக்குப் பாதுகாப்பு கொடுப்பதில்லை, அது எழுதப்பட்ட வடிவத்துக்குத்தான் கொடுக்கிறது. 1978-ல் ஆர்.ஜி.ஆனந்த் என்ற நாடக ஆசிரியர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவருடைய நாடகமும் எதிர்த்தரப்பின் படமும் ஒரே கருவைத் தொட்டிருந்தன, ஆனால் சொன்ன விதம் வேறு என்று தீர்ப்பு அவருக்கு எதிராகப் போனது. "தங்க மதிப்பீட்டாளர் ஒருத்தர் போலி நகையில மாட்டிக்கறார்" என்பது யாருக்கும் சொந்தமில்லை. உரசாமல் கையெழுத்துப் போட்ட அம்மாவின் செயின், டெபாசிட்டுக்காக விற்ற தங்கம், அதே கவுன்ட்டரில் அதே வாக்கியம் என்று காட்சிவாரியாக எழுதி வைத்தால் அதற்கு உரிமை கோர முடியும். வேடிக்கை என்னவென்றால், முடிவை மறைத்து வெறும் ஒன்லைனைச் சொல்கிறவர், சட்டம் காப்பாற்றாத பகுதியைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, காப்பாற்றக்கூடிய பகுதியைப் பூட்டி வைக்கிறார்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் முழுக் கதையையும் எழுதி, தேதியோடு தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்ய வேண்டும். காப்புரிமை அலுவலகத்திலும் பதியலாம். யாரிடம், எந்தத் தேதியில் கதை சொன்னோம் என்பதை "இன்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சார்" என்று கதையின் பெயரோடு ஒரு மெசேஜாக அனுப்பிவிட்டால் அதுவே ஒரு பதிவு. 2018-ல் 'சர்கார்' படக் கதை தொடர்பாக வருண் ராஜேந்திரன் என்ற உதவி இயக்குநர் புகார் கொடுத்தபோது, சங்கத்தில் பதிவாகியிருந்த 'செங்கோல்' என்ற அவருடைய கதைதான் அவர் கையில் இருந்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போய், கடைசியில் சமரசத்தில் முடிந்தது. பதிவு இல்லாமல் வெறும் வாய் வார்த்தையோடு போயிருந்தால் அது அவ்வளவு தூரம் வந்திருக்குமா என்பது சந்தேகம்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. வாடகையும் மெஸ் பாக்கியுமாகக் காத்திருக்கும் ஒருவரை "ஃபோன் பண்றேன்" என்று எட்டு மாதம் தொங்கவிடுவது எந்தத் தொழிலிலும் மரியாதை இல்லை. ஐந்து நிமிடத்தில் கதை சொல்ல முடியுமென்றால், ஐந்து விநாடியில் "எனக்கு இது செட் ஆகாது தம்பி, வேற இடத்துல சொல்லுங்க" என்று சொல்லவும் முடியும். ஆனால் அந்தப் பதிலை வாங்குவதற்குக்கூட, அவர் கையில் மறுப்பதற்கு ஒரு முழுக் கதை இருந்தாக வேண்டும்.

அடுத்த முறை அந்த உதவி இயக்குநர் அதே அலுவலகத்தில் உட்காரும்போது, ட்ரோனை மறந்துவிட்டு இப்படி ஆரம்பிக்கலாம்: "சார், கதிரேசன்னு ஒருத்தர், 48 வயசு..."